முதல் மூணு செகண்ட்ல ஏமாத்தாதீங்க பாஸ்!

நீங்களும் ஏமாந்திருப்பீங்க. விளம்பரத்துல ஒரு குச்சியை உருவினா லாவா கொட்டும், ஹீரோ தப்பிப்பான். ஆசையா டவுன்லோட் பண்ணினா, உள்ளே கலர் கலரா மூணு மூணா சேர்க்கிற வேற கேம்! 2020-ல் பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு இப்படித்தான் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்களுக்குத் தடை போட்டது. ‘எல்லாக் காட்சிகளும் நிஜ கேம் அல்ல’னு பொடி எழுத்துல போட்டதெல்லாம் அங்கே செல்லுபடியாகலை.

சரி, நாளைக்கு நீங்களும் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து ஒரு கேம் பண்றீங்க. அதுக்கு 15 செகண்ட் விளம்பரம் வேணும். நிஜ கேமை முதல் செகண்ட்லயே காட்டி ஆளை இழுக்க முடியுமா? தாராளமா முடியும். கலர் தண்ணி ஊத்துற கேமை வச்சே ஸ்கிரிப்ட் எழுதிப் பார்ப்போம்.

ரூல் சிம்பிள். ஒரு குழாய்ல நாலு அடுக்கு. மேலே இருக்கிற கலரை அதே கலர் மேலயோ, காலிக் குழாய்லயோதான் ஊத்தலாம். நம்ம லெவல்ல நாலு குழாய். அடியிலிருந்து மேலே படிங்க. ஒண்ணாவதுல மூணு சிவப்பு, மேலே பச்சை. ரெண்டாவதுல ரெண்டு பச்சை, ஒரு நீலம், மேலே சிவப்பு. மூணாவதுல மூணு நீலம், மேலே பச்சை. நாலாவது காலி.

ஸ்கிரிப்ட் ரெடி!

0 செகண்ட்: லோகோ கிடையாது, வணக்கம் கிடையாது. ரெண்டாவது குழாயோட சிவப்பு, காலிக் குழாய்ல பாதி விழுந்துக்கிட்டே இருக்கணும். ரூலை நீங்க சொல்ல வேண்டாம், விழுற தண்ணியே சொல்லிடும்.

2 செகண்ட்: விரல் பச்சையைத் தூக்குது. போக இடமில்லை. நீலத்துக்கும் இடமில்லை. மொத்தமா மாட்டிக்கிச்சு! ‘எங்கே தப்பு?’ - திரையில ரெண்டே வார்த்தை. நிறைய பேர் சத்தத்தை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்க. அதனால குரலை நம்பாதீங்க.

4 செகண்ட்: கேம்ல இருக்கிற பின்வாங்கும் பட்டனை அழுத்துறாங்க. இப்ப ஒண்ணாவதோட பச்சை காலிக் குழாய்க்கு, மூணாவதோட பச்சை அது மேலே, சிவப்பு ஒண்ணாவதுக்கு, நீலம் மூணாவதுக்கு. பாக்கி ஒரே ஒரு ஊத்து. அதைக் காட்டாதீங்க! பார்க்கிறவங்க விரல் தானா துடிக்கும்.

12 செகண்ட்: இப்பதான் கேம் பேரும் டவுன்லோட் பட்டனும்.

இதை அனிமேஷன்ல வரையாதீங்க. நிஜ போன்ல, திரையைப் பதிவு பண்ற வசதியை வச்சே எடுங்க. ஆண்ட்ராய்டுல டெவலப்பர் செட்டிங்ஸ் உள்ளே போய், தொடுற இடத்தைக் காட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணினா விரல் படுற இடம் புள்ளியா தெரியும். குழாய்கள் திரைக்கு நடுவுல இருக்கட்டும். மேலேயும் கீழேயும் ஆப்போட பட்டன்கள் மறைச்சிடும். முக்கியமா, இந்த லெவல் ஆடுறவங்களுக்கு முதல் சில நிமிஷத்துலயே வரணும். நூறாவது லெவல்ல ஒளிச்சு வச்சா, அதுவும் ஏமாத்துதான்.

கணக்கு பார்ப்போமா?

‘பொய் விளம்பரத்துக்குத்தான் கிளிக் அள்ளுதே’னு கேட்பீங்க. ஒரு பேச்சுக்கு, கையில 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பொய் விளம்பரத்துல ஒரு டவுன்லோடுக்கு 10 ரூபாய், ஆயிரம் பேர் வர்றாங்க. மறுநாள் திரும்பி வர்றது 100-க்கு 15 பேர்தான். ஆக 150 பேர், தலைக்கு கிட்டத்தட்ட 67 ரூபாய். நிஜ விளம்பரத்துல டவுன்லோடுக்கு 16 ரூபாய், 625 பேர். ஆனா மறுநாள் 100-க்கு 40 பேர் வந்தா 250 பேர், தலைக்கு 40 ரூபாய். எது லாபம்?

எங்கே கோளாறுனும் இதே எண்கள் காட்டிக் கொடுக்கும். டவுன்லோட் அதிகம், மறுநாள் ஆளே இல்லைன்னா, விளம்பரம் சொன்னது கேம்ல இல்லை. மூணு செகண்டுக்குள்ளயே ஆள் நழுவினா, ஆரம்பத்தை மட்டும் மாத்துங்க. முதல் ஷாட்டா அந்தச் சிவப்புக்குப் பதிலா, மாட்டிக்கிட்ட நிலையை வைங்க. மத்தது அப்படியே இருக்கட்டும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஓடவிட்டாத்தான் எது ஜெயிச்சதுன்னு தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நிஜ விளையாட்டைக் காட்டி, பல விதமா ஆரம்பத்தை மாத்தியும் யாரும் நின்னு பார்க்கலையா? அப்ப விளம்பரத்தை விட்டுட்டு, கேமையே ஒரு தடவை ஆடிப் பாருங்க. பிரச்னை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்!