மனைவி கர்ப்பம், கணவருக்கு பயம்: உறவு வைத்தால் குழந்தைக்கு ஆபத்தா? திடீர் விறைப்பு பிரச்னைக்கு என்ன காரணம்?

கர்ப்பம்னு தெரிஞ்ச நாளிலிருந்து எல்லா அறிவுரையும் மனைவிக்குத்தான். என்ன சாப்பிடணும், எப்படி படுக்கணும், எதைத் தூக்கக்கூடாது என்று ஆளாளுக்கு சொல்வார்கள். கணவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. "நான் தொட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோ" என்ற ஒரு பயம் மட்டும் அவருக்குள் உட்கார்ந்துவிடுகிறது. சில வாரங்களில் ஆசை குறைகிறது, ஒருநாள் விறைப்பும் வராமல் போகிறது. அதன் பிறகு குழந்தையைப் பற்றிய பயத்தோடு தன் ஆண்மை பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த பயம் எங்கிருந்து வருகிறது? உடலில் என்ன செய்கிறது? எதைக் கேட்டால் தெளியும்? விளக்கத்துக்காக ஒரு தம்பதியை கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு உதாரணம்

கணவருக்கு வயது 32, மனைவிக்கு 28. முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. ரத்தப்போக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்புதான் இருவரும் உறவு கொண்டிருந்தார்கள். "நம்மாலதான் ஆச்சு" என்று கணவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். மனைவி உட்பட யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது இரண்டாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். ஸ்கேனில் எல்லாம் நார்மல். முதல் மூன்று மாத வாந்தி, சோர்வு எல்லாம் போய் மனைவி தெம்பாக இருக்கிறார். ஒருநாள் இரவு அவரே நெருங்கி வருகிறார். ஆரம்பத்தில் வந்த விறைப்பு, கணவரின் கை வயிற்றில் பட்டதும் இறங்கிவிடுகிறது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்குப் பிறகு மனைவி தூங்கும் வரை கணவர் ஹாலில் மொபைலோடு உட்கார்ந்திருக்கிறார். மனைவியோ, "வயிறு வந்துட்டதால என்னை பிடிக்காம போயிடுச்சு போல" என்று நினைத்து அழுகிறார்.

இருவருக்கும் பாசத்தில் குறைவில்லை. அவர் பயத்தை மறைக்கிறார், அவர் மறைப்பதை இவர் வெறுப்பு என்று படிக்கிறார்.

உறவின்போது குழந்தை மேல் படுமா?

படாது. கணவர்கள் மனதில் இருக்கும் படம் பெரும்பாலும் தவறானது. பிறப்புறுப்புப் பாதை முடிந்தவுடன் அங்கேயே குழந்தை இருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பாதையின் முடிவில் இருப்பது கர்ப்பப்பை வாய். வழக்கமான கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்தில் அது சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறுக்கமாக மூடியிருக்கும். அதன் நடுவே கெட்டியான சளி ஒரு மூடி போல அடைத்திருக்கும். அதற்கு மேலே தடித்த தசையால் ஆன கர்ப்பப்பை, அதற்குள் பனிக்குடம், பனிக்குடத்தில் நீர், அந்த நீரில் மிதந்தபடி குழந்தை.

ஆழமான உறவில் ஆணுறுப்பு கர்ப்பப்பை வாயில் படலாம், சில பெண்களுக்கு அது வலிக்கலாம். வலித்தால் நிலையை மாற்றினால் போதும். அதைத் தாண்டி குழந்தையிடம் போக வழியில்லை.

உச்சத்துக்குப் பிறகு வயிறு ஓரிரு நிமிடம் கல் போல இறுகும். இதைப் பார்த்துத்தான் பலர் பதறிவிடுகிறார்கள். உச்சத்தின்போது கர்ப்பப்பை தசையும் சுருங்குவதால் வருவது அது. ஓய்வாகப் படுத்தால் மெல்ல அடங்கிவிடும். குழந்தை அசைவதையும் "தொந்தரவு பண்ணிட்டோம்" என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குப் புரியாது.

அப்போ முதல் கரு கலைந்தது எதனால்?

உதாரணத்தில் வரும் கணவரை உண்மையில் பிடித்து வைத்திருப்பது இந்தக் கேள்விதான். முதல் 12 வாரங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்கு குரோமோசோம் கோளாறே காரணம். கரு உருவாகும் நேரத்திலேயே நடந்துவிடும் பிழை அது. பிறகு யார் என்ன செய்தாலும் மாறாது. உறவு கொள்வதால் கரு கலைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரத்தப்போக்கு வரும் நாளில்தான் கரு நின்றது என்று அர்த்தமில்லை. பல நேரம் வளர்ச்சி நின்று சில நாட்கள், சில வாரங்கள் கழித்துத்தான் ரத்தப்போக்கு தொடங்கும்.

இந்தத் தம்பதியின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், மாதவிடாய் கணக்குப்படி கர்ப்பம் 9 வாரம். ஆனால் கருவின் அளவு 7 வாரத்துக்கு உரியது, இதயத்துடிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. முந்தைய ஸ்கேனில் தேதிக்கணக்கு சரியாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் கருவின் வளர்ச்சி ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. கணவர் தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்ட அந்த இரவில், நடக்க வேண்டியது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அந்த ரிப்போர்ட் வீட்டு பீரோவில்தான் இருந்தது. அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை.

பயந்தால் விறைப்பு ஏன் வராது?

விறைப்பு என்பது ரத்த ஓட்டம். மனம் தளர்வாக இருக்கும்போது ஆணுறுப்பின் ரத்தக்குழாய்களில் உள்ள தசைகள் தளர்ந்து, ரத்தம் உள்ளே நிரம்புகிறது. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அது அதே தசைகளை இறுக்கிவிடும், வந்த ரத்தம் வெளியேறிவிடும். பாம்பைப் பார்த்து ஓடும்போதும் உடல் செய்வது இதைத்தான். ஆபத்து குழந்தைக்கு என்று மூளை நம்பினாலும் உடலின் பதில் ஒன்றுதான்.

முதல் தடவை நடந்தது குழந்தையைப் பற்றிய பயத்தால். இரண்டாவது தடவை காரணம் மாறிவிடுகிறது. "இன்னைக்கும் வராம போயிடுமோ" என்று கணவர் தன் உடலையே வெளியே நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்குகிறார். பாலியல் மருத்துவத்தில் முன்னோடிகளான மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் இந்த 'பார்வையாளர்' நிலையை விளக்கினார்கள். மனைவி மீது இருக்க வேண்டிய கவனம் தேர்வு எழுதுவது போல தன் மீதே திரும்பிவிடுகிறது. தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் உறவையே தவிர்க்கிறார். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஆசை போய்விட்டது போலத் தெரியும்.

இது மனமா, உடலா? எப்படி தெரியும்?

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா, தனியாக இருக்கும்போது வருகிறதா என்று கவனித்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். அப்போதெல்லாம் சரியாக இருந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும், அதுவும் கர்ப்பத்துக்குப் பிறகு திடீரென்று தொடங்கியிருந்தால், காரணம் பெரும்பாலும் பயம்தான். உதாரணத்தில் வரும் கணவருக்கு காலை விறைப்பு எப்போதும் போல இருக்கிறது.

மாறாக, பல மாதங்களாக கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலை விறைப்பும் நின்றிருந்தால் உடல் பரிசோதனை தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். புகை, மது, சாப்பிடும் மாத்திரைகள் பற்றியும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் தானாக சில்டெனாபில் மாத்திரை வாங்கிப் போடுவது சரியான வழி அல்ல. அது ரத்த ஓட்டத்துக்கு உதவும், குழந்தை பற்றிய பயத்தை எடுக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

எப்போது உறவு வேண்டாம்?

சில கர்ப்பங்களில் டாக்டரே வேண்டாம் என்பார்:

- நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியபடி இருந்தால்
- காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால்
- பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தால்
- கர்ப்பப்பை வாய் சீக்கிரமே திறப்பது, தையல் போட்டிருப்பது, குறைமாதப் பிரசவ அறிகுறி இருப்பது

நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பது ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரியும். அப்போது கீழே இருந்தாலும், கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலானவர்களுக்கு மேலே நகர்ந்துவிடும். அதனால்தான் சுமார் 32-வது வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். ஒருமுறை "வேண்டாம்" என்றால் பிரசவம் வரைக்கும் வேண்டாம் என்று நினைக்காமல், அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு மீண்டும் கேட்கலாம்.

உறவுக்குப் பிறகு லேசாக ரத்தத் துளி பட்டால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாயில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அது வரலாம். ரத்தம் அதிகமாகப் போனாலோ, நீர் கசிந்தாலோ, வலி விட்டு விட்டு தொடர்ந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில், கணவர் செக்-அப் அறைக்குள் போக வேண்டும். பல நேரம் அவர் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி நேரடியானது: "டாக்டர், நாங்க உறவு வச்சுக்கலாமா? எங்களுக்குன்னு ஏதாவது தடை இருக்கா?" "எல்லாம் நார்மல்" என்ற பொதுவான வார்த்தை இந்த பயத்துக்குப் போதாது. தன் மனைவியின் ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லும் பதில்தான் தெளிவு தரும்.

இரண்டாவது, தேர்வையே ரத்து செய்வது. இரண்டு வாரத்துக்கு முழு உறவு கிடையாது என்று இருவரும் பேசி முடிவெடுக்கலாம். அணைப்பு, முத்தம், கால் பிடித்துவிடுவது மட்டும். விறைப்பு வந்தாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, போனாலும் கவலையில்லை. தானாகப் போனது தானாகத் திரும்பி வருவதை கணவர் சில நாட்களில் பார்த்துவிடுவார். அதன் பிறகு வயிற்றில் அழுத்தம் விழாதபடி, இருவரும் பக்கவாட்டில் படுத்த நிலையில் தொடங்கலாம். மனைவிக்கும் விருப்பம் இருந்தால் மட்டும். கடைசி மாதங்களில் பல பெண்களுக்கே ஆசை குறைந்துவிடும், அதுவும் இயல்புதான்.

இதற்குப் பிறகும் மாறாவிட்டால் பாலியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதற்காகவே போக வேண்டும். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு.

உதாரணத்தில் வரும் கணவருக்குக் கடினமாக இருந்தது மனைவியிடம் வாயைத் திறப்பதுதான். பழைய ரிப்போர்ட்டை டாக்டர் விளக்கிய அன்று இரவு அவர் சொன்னார்: "அன்னைக்கு நம்மாலதான் கலைஞ்சதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அதான் உன்கிட்ட வரவே பயமா இருந்துச்சு." மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "என்னங்க, இதையா இத்தனை மாசமா மனசுல வச்சுட்டு இருந்தீங்க? நான் வேற என்னென்னமோ நினைச்சுட்டேன்."