மிச்சமே இல்லாத வேதிவினை
ஒரே பூச்சிமருந்து, இரண்டு வழிகள். இரண்டு அளவுகோல்களிலும் முந்தியது போபாலின் வழிதான்

காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத வேதிவினை அது. 57 கிலோ மீதைல் ஐசோசயனேட்டோடு 144 கிலோ நாப்தாலைச் சேர்த்தால் கிடைப்பது 201 கிலோ கார்பரில். செவின் என்ற பெயரில் விற்கப்பட்ட பூச்சிமருந்து. கழிவாக ஓர் அணுகூட வெளியேறுவதில்லை. ஆனால் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் அளவுக்குக் கசிந்து ஊரைக் கொன்றது இந்த மீதைல் ஐசோசயனேட்தான்.

கார்பரில் செய்ய வேறு வழி இல்லாமல் இல்லை. இரண்டு வழிகளுக்கும் மூலப்பொருட்கள் மூன்றே: நாப்தால், பாஸ்ஜீன், மீதைல் அமீன். மாறுவது வரிசை மட்டும். போபால் வழியில் முதலில் பாஸ்ஜீனும் மீதைல் அமீனும் சேர்ந்து மீதைல் ஐசோசயனேட் ஆகின்றன. நாப்தால் கடைசியில் வருகிறது. மாற்று வழியில் முதலில் நாப்தாலும் பாஸ்ஜீனும் சேர்ந்து குளோரோஃபார்மேட் ஆகின்றன. அதன் மீது மீதைல் அமீன் சேர்கிறது. அந்தக் கொலைகார வாயு எந்தக் கட்டத்திலும் தலைகாட்டுவதில்லை.

எது சிறந்த வழி? தொழிற்சாலைகளின் பழைய அளவுகோல் விளைச்சல் சதவீதம். 144 கிலோ நாப்தாலுக்கு 201 கிலோ கார்பரில் வரவேண்டும். 181 கிலோ வந்தால் விளைச்சல் 90 சதவீதம். போபால் வழியில் நாப்தால் ஒரே ஒரு படியைத்தான் கடக்கிறது. மாற்று வழியில் இரண்டு படிகள். அங்கே குளோரோஃபார்மேட் தன் பங்காளி நாப்தாலுடனேயே சேர்ந்து வேண்டாத கார்பனேட்டாகிவிடும். தண்ணீர் பட்டாலும் கெடும். படிக்கு 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு படிகளில் 81 ஆகிவிடுகிறது. அதே நாப்தாலுக்கு 163 கிலோதான் மிஞ்சும்.

ஆனால் விளைச்சல் சதவீதத்துக்குக் கழிவு கண்ணில் படாது. நூற்றுக்கு நூறு விளைச்சல் தரும் வினைகூட மலைமலையாக உப்பைக் கொட்டலாம். இந்தக் குறையைச் சுட்டி 1991இல் அமெரிக்க வேதியியலாளர் பாரி டிராஸ்ட் முன்வைத்ததுதான் அணுச் சிக்கனம். உள்ளே போகும் எல்லா மூலப்பொருட்களின் எடையில் எத்தனை பங்கு சரக்காக மாற முடியும் என்பதே கேள்வி. ஆலை எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பது இதில் சேராது. சமன்பாடு ஒன்று போதும்.

போபால் வழியில் 144 கிலோ நாப்தால், 99 கிலோ பாஸ்ஜீன், 31 கிலோ மீதைல் அமீன், மொத்தம் 274 கிலோ. சரக்கு 201. ஆக 73 சதவீதம். மீதி 73 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு. (கடைசிப் படியை மட்டும் காட்டி 100 சதவீதம் என்று பெருமையடிப்பது இந்தத் துறையில் பழகிய வித்தை. மூலப்பொருளிலிருந்து எண்ணினால்தான் உண்மை தெரியும்.) மாற்று வழியில் கிளம்பும் அமிலத்தைப் பாத்திரத்திலேயே காஸ்டிக் சோடாவால் அடக்க வேண்டும். அதற்கு 80 கிலோ. மொத்தம் 354 ஆகிறது. அணுச் சிக்கனம் 57 சதவீதத்துக்கு இறங்குகிறது. கழிவாக உப்பும் தண்ணீரும்.

ஆக, பழைய அளவுகோலும் சரி, பசுமை வேதியியலின் அளவுகோலும் சரி, போபால் வழிக்கே மாலை போடுகின்றன.

அணுச் சிக்கன வித்தியாசத்தில் ஒரு கண்கட்டும் இருக்கிறது. போபால் வழியில் வரும் அமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து விற்க முடிந்தால்தான் 73. வாங்க ஆளில்லாமல் அதையும் காஸ்டிக் சோடாவால் அடக்கினால் அங்கும் 354 கிலோ, அதே 57. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது கணக்கு.

எங்கே கோடு போட்டாலும் கணக்கில் ஏறாதது ஒன்று உண்டு. இரண்டு படிகளுக்கு நடுவே என்ன பொருள், எத்தனை டன், எத்தனை நாள் தேங்கி நிற்கிறது என்பது. மீதைல் ஐசோசயனேட் 39 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீர் சேர்ந்தால் தானே சூடேறும். போபாலில் தண்ணீர் புகுந்தது. தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. மாற்று வழியும் சாதுவல்ல. பாஸ்ஜீன் இரண்டிலும் உண்டு, அதுவும் விஷவாயு. ஆனால் இடையில் நிற்கும் குளோரோஃபார்மேட் அரிக்குமே தவிர, அப்படி ஆவியாகி ஊருக்குள் பாயாது.

பின்னாளில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் மூன்றாவது ஒரு வழியைக் கையாண்டது. அங்கும் மீதைல் ஐசோசயனேட்தான். ஆனால் பாஸ்ஜீன் இல்லாமல், மீதைல் ஃபார்மமைடை ஆக்சிஜனேற்றி, உண்டான சூட்டிலேயே அடுத்த வினைக்கு அனுப்பிவிடுவார்கள். டன் கணக்கில் சேமிப்பதில்லை. இந்த வாயுவைச் செய்யும் படியின் அணுச் சிக்கனம் 76 சதவீதம், மிச்சமாவது தண்ணீர்.

கார்பரிலை இந்தியா 2018 ஆகஸ்டில் தடை செய்தது.