பீமுக்கு அடியில் ஓடும் கோடு

போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பக்கம் நான் குடியிருந்த வீட்டில், கூடத்துச் சுவரின் மேலே, பீமுக்குச் சரியாக அடியில், ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல் ஒரு விரிசல் இருந்தது. பெயிண்ட் அடித்தால் மறையும். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வரும். தூணும் சுவரும் சேரும் இடத்தில் அதே கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது.

இப்படி நேராக ஓடும் விரிசல் இரண்டு பொருள்களின் எல்லையைக் காட்டுகிறது. ஊற்றிய கான்கிரீட் உலர உலரச் சுருங்கும். சுட்ட செங்கல் ஈரத்தை இழுத்து மெல்ல விரியும். அந்தமானில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்து ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. பிறகு ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுவர் காய்கிறது. இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் அசைவதால், மேலே ஒரே போர்வையாகப் பூசிய பூச்சு அந்த எல்லையில் கிழிகிறது. மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் விரிசல் வேறு வகை. அது அஸ்திவாரத்தையோ சட்டகத்தையோ பற்றியது. எந்த வலையும் அதற்கு மருந்தாகாது.

எல்லைக்கோட்டின் மேல் பூச்சுக்குள் வைக்கும் பட்டைதான் எக்ஸ்பாண்டட் மெட்டல் வலை. ஒரே தகட்டில் வரிசையாகக் கீறல் போட்டு இழுத்தால் வைரக்கட்டம் விரியும். முடிச்சும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. இது அசைவை நிறுத்துவதில்லை. ஒரே இடத்தில் விழும் இழுப்பை 30 செ.மீ. அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. அதனால்தான் கோட்டுக்கு இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15 என்று பட்டையை நடுவில் வைக்கிறோம்.

இனி நீளக் கணக்கு. சென்னையிலிருந்து சரக்கு கப்பலில் வர வேண்டிய ஊரில், குறைவாக எழுதினால் பூச்சு நின்றுவிடும். அடுத்த கப்பல் வரும்வரை பொறுக்காமல் வலை இல்லாமலே பூசிவிடுவார்கள்.

இரண்டு தூண்களுக்கு நடுவே 3 மீட்டர் அகலம், பீமின் அடிவரை 2.6 மீட்டர் உயரமுள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். தூணும் பீமும் இரு பக்கமும் சுவரோடு சமமட்டம். பரப்பைப் பெருக்க வேண்டாம்; செங்கலும் கான்கிரீட்டும் தொடும் கோட்டை மட்டும் அளக்க வேண்டும். மேலே 3, பக்கங்களில் 2.6 வீதம் 5.2, ஆக 8.2 மீட்டர். இது ஒரு முகம். பூச்சு இரு முகத்திலும் உண்டு என்பதால் 16.4. பலர் தவறவிடுவது இந்த இரண்டால் பெருக்கலைத்தான்.

சுவரில் 1.2 மீட்டர் ஜன்னல். அதன் லின்டல் இரு பக்கமும் 15 செ.மீ. சுவரில் உட்கார்ந்து 1.5 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரம். லின்டலின் மேல்விளிம்பில் 30 செ.மீ. பட்டையை வைத்தால் லின்டல் முழுவதும் மூடி, மேலே செங்கலிலும் 15 செ.மீ. ஏறும். இரு முனையையும் தாண்ட 15, 15 சேர்த்தால் 1.8 மீட்டர். இரு முகத்துக்கும் 3.6. ஜன்னல் திறப்பின் மேலுள்ள லின்டல் அடிவிளிம்பில் செங்கல் இல்லை, அதை அளக்கக் கூடாது. மொத்தம் 20 மீட்டர்.

அளவுப் புத்தகத்தில் 20 என்று எழுதலாம். ஒப்பந்தம் வேறு சொல்லாத வரை ஒட்டுக்குத் தனிக் கணக்கு கிடையாது. வாங்கும்போது அப்படி இல்லை. துண்டு 2.4 மீட்டர் என்றால் மேல்கோட்டில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என முகத்துக்கு மூன்று ஒட்டு. 10 செ.மீ. வீதம் ஆறு ஒட்டுக்கு 60 செ.மீ. கூடும். ஒன்பது துண்டில் வேலை முடியும், ஒரு மீட்டர் மிஞ்சும். லின்டல் உட்காரும் இடங்களுக்கு அடியில் வைக்கும் சிறு துண்டுகளுக்கு அது சரியாகப் போகும். அடுத்த அறையின் சுவர் அதே தூணின் மறுபக்கத்தில் சேர்ந்தால், அது தனிக்கோடு, தனி அளவு.

வலையைச் சுவரோடு அழுத்தி ஆணி அடிப்பது வழக்கமான தவறு. அப்படி அடித்தால் பின்னால் கலவை புகாது, தட்டிப் பார்த்தால் பொள்ளென்று கேட்கும். கான்கிரீட்டைக் கொத்திவிட்டு, மெல்லிய கலவை தெளித்து, வலையைச் சற்றே தள்ளி நிறுத்தி, பூச்சின் நடுவே புதையும்படி பூச வேண்டும்.

தீவில் இன்னொன்று கவனிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைக் கீறி விரித்திருந்தால், கீறிய விளிம்பெல்லாம் வெறும் இரும்பு. உப்புக்காற்றும் சரியாகக் கழுவாத மணலும் சேர்ந்தால் அங்கேதான் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் பூச்சை வெளியே தள்ளும், சுவரில் வைரக்கட்டமாகப் பழுப்புக் கறை தெரியும். விரித்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். கடலை நோக்கிய சுவருக்கு நான் காரம் தாங்கும் கண்ணாடி இழை வலையைத்தான் சொல்வேன்.

தீவுகள் முழுவதும் நிலநடுக்க வரைபடத்தின் உயர் அபாய மண்டலத்தில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 போன்ற ஆட்டத்தில் சட்டகமும் சுவரும் பிரிவது இதே கோட்டில்தான். அந்த விசையைத் தாங்க இந்தப் பட்டை போடப்படவில்லை. அதற்கு லின்டல் பட்டைக் கம்பியும் தூணோடு சுவரைக் கட்டும் கம்பியும் வேண்டும், அவற்றைச் சுவர் எழுப்பும்போதே வைத்தாக வேண்டும்.