கள்ள டிக்கெட்டுக்கு எண் கிடைக்காத வழி

ஒரு கலையரங்கத்தில் இசை நிகழ்ச்சி. 3000 டிக்கெட். அச்சகத்தில் 0001 முதல் 3000 வரை வரிசையாக எண் போட்டுத் தருகிறார்கள். வாயிலில் நிற்கும் தொண்டர் எண்ணைப் பார்க்கிறார், ஓரத்தைக் கிழிக்கிறார், உள்ளே விடுகிறார். காகிதமும் மையும் அதே தரத்தில் கிடைத்துவிட்டால் இந்த ஏற்பாட்டை உடைக்க ஒருவருக்கு எந்தத் திறமையும் வேண்டாம். தன் கையில் 1417 இருக்கிறது என்றால், 1418 என்று ஒரு டிக்கெட் கட்டாயம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது பெரும்பாலும் டிக்கெட் என்பது கைபேசித் திரையில் வரும் ஒரு கியூஆர் கட்டம்தான். அதற்குக் காகிதம்கூட வேண்டாம். எண் தெரிந்தால் போதும், இலவசச் செயலி ஒன்றில் அந்த எண்ணைத் தட்டினால் கட்டம் தயார்.

ஆகவே டிக்கெட்டின் பாதுகாப்பு முழுவதும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. எண்ணை எப்படி உருவாக்குவது என்று வரும்போது, பலர் முதலில் நினைப்பது சரிபார்ப்பு இலக்கத்தை. எண்ணின் கடைசியில் கணக்குப் போட்டு ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிட்டால் கள்ள டிக்கெட் பிடிபட்டுவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. எங்கே தவறு என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சரிபார்ப்பு இலக்கங்களில் பெயர்பெற்றது லூன் முறை. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1960இல் கிடைத்தது. நம் கடன் அட்டை எண்களின் கடைசி இலக்கம் இந்த முறையில்தான் வருகிறது. 2407 என்ற டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். வலது ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். 7 இரட்டித்தால் 14, அதன் இலக்கங்களைக் கூட்டினால் 5. அடுத்த 0 அப்படியே. 4 இரட்டித்தால் 8. 2 அப்படியே. கூட்டுத்தொகை 15. அடுத்து வரும் பத்தின் மடங்கு 20, அதற்கு இன்னும் 5 வேண்டும். ஆகவே டிக்கெட் எண் 24075.

தொண்டர் அவசரத்தில் 24705 என்று மாற்றித் தட்டிவிட்டால் கணக்கு ஒத்துவராது; 2470க்கு வர வேண்டிய கடைசி இலக்கம் 3. எண் தவறு என்று கருவி உடனே சொல்லிவிடும். இதற்காகத்தான் லூன் இதைச் செய்தார். கை தவறுவதைப் பிடிப்பது இதன் வேலை. கை வேண்டுமென்றே செய்வதைப் பிடிப்பது இதன் வேலை அல்ல. மேலே நான் எழுதிய நான்கு வாக்கியங்களைப் படித்த யாரும் 2408க்கு 3 வரும் என்று கணக்கிட்டு 24083 என்ற டிக்கெட்டைத் தயாரித்துவிடலாம். முறையே தெரியாதவர்கூடப் பத்து எண்களைக் குத்துமதிப்பாக எழுதினால் அவற்றில் ஒன்று சராசரியாகத் தேறிவிடும். நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் இப்படியொரு சரிபார்ப்பு இலக்கம்தான், வெர்ஹோஃப் என்ற இன்னும் நுட்பமான முறையில் வருவது. அதன் விதியும் எல்லோருக்கும் தெரிந்ததே.

அப்படியென்றால் திருடனை நிறுத்துவது எது? எண்ணுக்குள் எந்த ஒழுங்கும் இல்லாமல் இருப்பதுதான். வரிசை இருக்கக்கூடாது, தேதி இருக்கக்கூடாது, இருக்கை எண் இருக்கக்கூடாது. அண்டாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வர வேண்டும். அண்டா எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி.

எழுத்துகளை முதலில் தேர்ந்துகொள்வோம். ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஆக 36. இதில் 0வும் O எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும். 1, I, L மூன்றும் அப்படியே. இந்த ஐந்தையும் விலக்கினால் 31 மிஞ்சும். 31 ஒரு பகா எண் என்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதன் பயன் சற்றுப் பின்னால் வருகிறது. நான்கு எழுத்துக் குறியீடு என்றால் மொத்தம் 9,23,521 வகைகள். அவற்றில் 3000 விற்கப்பட்டவை என்றால், ஊகித்து எழுதும் 308 குறியீடுகளில் ஒன்று உண்மையான டிக்கெட்டாக அமைந்துவிடும். அது மிகவும் குறைவான பாதுகாப்பு. ஆறு எழுத்து என்றால் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒன்று. வாயிலில் மனிதர் நின்று பார்க்கும்போது இது போதும். ஆனால் ‘உங்கள் டிக்கெட் செல்லுமா’ என்று பார்க்க ஒரு பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்தால், மூன்று லட்சம் முறை தட்டிப் பார்ப்பது ஒரு கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. எட்டு எழுத்து போட்டால் 85,289 கோடி வகைகள். ஊகம் பலிக்க 28 கோடியில் ஒரு வாய்ப்பு. என் பரிந்துரை எட்டுதான். நான்கு நான்காகப் பிரித்து எழுதினால் வாசிக்கவும் எளிது.

குலுக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பைதான் மொழியில் `random` என்ற தொகுதி தரும் எண்கள் பார்ப்பதற்கு ஒழுங்கற்றவையாகத் தெரியும். ஆனால் அதன் உள்ளே ஓடும் இயந்திரம் தந்த 624 எண்களை முழுமையாகப் பார்த்தவர் அடுத்து வரும் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். இது போன்ற வேலைக்கென்றே 2016இல் `secrets` என்ற தொகுதி சேர்க்கப்பட்டது. அது இயங்குதளம் ரகசிய வேலைகளுக்காக வைத்திருக்கும் ஊற்றிலிருந்து எடுக்கிறது.

இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. வரிசை எண்ணையே `md5` போன்ற ஒரு கலப்பு முறையில் போட்டு, வருவதில் முதல் எட்டு எழுத்துகளை டிக்கெட் எண்ணாக அச்சிடுவது. 1 என்ற எண்ணைப் போட்டால் `c4ca4238` என்று வரும். யாராலும் ஊகிக்க முடியாதது போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கணினியில் போட்டாலும் 1க்கு அதே எட்டு எழுத்துதான் வரும். தன் டிக்கெட்டின் குறியீட்டை ஒருவர் இணையத்தில் தேடினாலே அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அதன்பின் 1 முதல் 3000 வரை போட்டு அத்தனை டிக்கெட்டுகளையும் எடுத்துக்கொள்ள ஒரு நொடிகூட ஆகாது. பார்வைக்குக் குழப்பமாக இருப்பது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு.

இப்போது சரிபார்ப்பு எழுத்துக்குத் திரும்புவோம். திருடனை நிறுத்தாது என்றால் அது எதற்கு? கீறல் விழுந்த திரையில் கட்டம் படியாதபோது தொண்டர் குறியீட்டைக் கையால் தட்ட வேண்டியிருக்கும். மேளச் சத்தத்துக்கு நடுவில் M என்று சொன்னது N என்று காதில் விழும். சரிபார்ப்பு எழுத்து இல்லாவிட்டால் கருவி ‘அப்படியொரு டிக்கெட் இல்லை’ என்று மட்டும் சொல்லும். காசு கொடுத்து வாங்கியவர் குடும்பத்தின் முன்னால் ஏமாற்றுக்காரராக நிற்பார். சரிபார்ப்பு எழுத்து இருந்தால் ‘தவறாகத் தட்டியிருக்கிறீர்கள், மறுபடி பாருங்கள்’ என்று சொல்லும். இந்த ஒரு வேற்றுமைக்காகவே அதைச் சேர்க்க வேண்டும் என்பேன்.

31 எழுத்துகளுக்கும் 0 முதல் 30 வரை மதிப்பு கொடுப்போம்: 2க்கு 0, 9க்கு 7, Aக்கு 8, இப்படியே போய் Zக்கு 30. குலுக்கலில் வந்தது K7M2X9PR என்று வைத்துக்கொள்வோம். மதிப்புகள் 17, 5, 18, 0, 28, 7, 20, 22. முதல் மதிப்பை 1ஆல், இரண்டாவதை 2ஆல் என்று எட்டுவரை பெருக்கிக் கூட்டினால் 579. அதை 31ஆல் வகுத்தால் மீதி 21. அது Q. டிக்கெட்டில் K7M2-X9PR-Q என்று அச்சாகும். கடைசியில் PR என்பதை RP என்று தட்டினால் மீதி 19, அதாவது N வரும், பிடிபட்டுவிடும். M இடத்தில் N தட்டினால் 24, அதாவது T, அதுவும் பிடிபடும். 31 பகா எண் என்பதால் ஓர் எழுத்து மாறினாலும், எந்த இரண்டு எழுத்துகள் இடம் மாறினாலும் தப்பவே தப்பாது. லூன் முறை 09ஐ 90 என்று மாற்றினால் கவனிக்காமல் விட்டுவிடும். இங்கே அந்த ஓட்டையும் இல்லை. முழு வேலையும் இவ்வளவுதான்:

```python
import secrets
A = "23456789ABCDEFGHJKMNPQRSTUVWXYZ"

def check(s):
    t = sum((i + 1) * A.index(c) for i, c in enumerate(s))
    return A[t % 31]

def ticket():
    s = "".join(secrets.choice(A) for _ in range(8))
    return s + check(s)
```

ஒரே குறியீடு இரண்டு முறை வருவதற்கான வாய்ப்பு, 3000 டிக்கெட்டுக்கு, சுமார் இரண்டு லட்சத்தில் ஒன்று. அரிதுதான். ஆனாலும் சேமிக்கும்போது தரவுத்தளத்தில் `UNIQUE` என்று கட்டுப்பாடு போட்டுவிட வேண்டும். மோதினால் இன்னொன்றைக் குலுக்கிக்கொள்ளலாம்.

சரிபார்ப்பு எழுத்து ஒத்துப்போனது என்பதற்காக யாரையும் உள்ளே விட்டுவிடக்கூடாது. அதன்பின் விற்ற டிக்கெட்டுகளின் பட்டியலில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் உண்மையான காவல். இங்கேயும் ஒரு நுணுக்கம். ஒரே டிக்கெட்டை நகலெடுத்து நண்பர்கள் இருவர் இரண்டு வாயில்களில் ஒரே நொடியில் காட்டினால்? ‘பயன்படுத்தியாகிவிட்டதா’ என்று முதலில் கேட்டு, இல்லை என்று பதில் வந்தபின் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று குறித்தால், அந்த இடைவெளியில் இருவருமே நுழைந்துவிடுவார்கள். கேட்பதும் குறிப்பதும் ஒரே கட்டளையாக இருக்க வேண்டும்.

```sql
UPDATE tickets SET used_at = now()
WHERE code = 'K7M2X9PRQ' AND used_at IS NULL;
```

மாறிய வரி 1 என்று பதில் வந்தால் உள்ளே விடலாம். 0 என்றால் நிறுத்தி விசாரிக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத திடல் என்றால் பட்டியலை முன்பே கைபேசிகளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒரே ஒரு வாயிலுக்கு உரியதாக ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிழக்கு வாயிலில் நடந்தது மேற்கு வாயிலுக்குத் தெரியாது.

நகலெடுப்பதை எந்தக் குறியீடும் தடுக்காது. 28 கோடியில் ஒன்று என்ற கணக்கு, ஊகித்து எழுதுபவருக்குத்தான்; பார்த்து எழுதுபவருக்கு அல்ல. ஆகவே டிக்கெட் வாங்கிய மகிழ்ச்சியில் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் கட்டத்தையும் அந்த ஒன்பது எழுத்துகளையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் இருக்கும் கருவிக்கு உங்கள் முகம் தெரியாது. அந்தக் குறியீட்டோடு முதலில் வருபவரைத்தான் அது உள்ளே விடும்.