வேலை போனது சீனாவாலா, வேறு எதனாலா?

ஒரு நகரத்தில் வேலைகள் கூடுகின்றன. அங்குள்ள ஆலைகளுக்கு ஆர்டர் குவிவதால் ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். வெளியூரிலிருந்து மக்கள் வந்து குடியேறியதால் வேலைக்கு ஆள் எளிதாகக் கிடைக்கிறது, முதலாளிகளும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்லலாம். முதலாவது நடந்தால் கூலி ஏறும், இரண்டாவது நடந்தால் இறங்கவும் கூடும். புள்ளிவிவரத்திலோ இரண்டும் கலந்தே கிடக்கும். வேலையையும் கூலியையும் அப்படியே ஒப்பிட்டால் எது எதற்குக் காரணம் என்று பிரிக்கவே முடியாது.

இதைப் பிரிக்க ஒரு வழியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டிமதி பார்ட்டிக். மிச்சிகனில் உள்ள அப்ஜான் ஆய்வு நிறுவனம் 1991-இல் வெளியிட்ட அவருடைய நூலால் அதற்குப் ‘பார்ட்டிக் கருவி’ என்ற பெயர் நிலைத்தது. ஒரு நகரத்தில் எந்தத் தொழிலில் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்பதையும், அந்தத் தொழில் நாடு முழுவதும் எவ்வளவு வளர்ந்தது என்பதையும் பெருக்கிக் கூட்டுவதுதான் செய்முறை.

கற்பனையாக இரண்டு நகரங்களை எடுத்துக்கொள்வோம். முதல் நகரத்தில் 30 சதவீதம் பேர் மரச்சாமான் தொழிலிலும், 10 சதவீதம் பேர் கணினித் தொழிலிலும், மீதி 60 சதவீதம் பேர் மற்றவற்றிலும் இருக்கிறார்கள். இரண்டாம் நகரத்தில் இதே வரிசையில் 5, 25, 70. நாடு முழுவதும் மரச்சாமான் தொழிலில் வேலை 20 சதவீதம் குறைந்தது, கணினியில் 10 சதவீதமும் மற்றவற்றில் 5 சதவீதமும் கூடியது. முதல் நகரத்துக்குக் கணக்குப் போட்டால் மரச்சாமானால் 6 புள்ளி போய், கணினியால் 1, மற்றவற்றால் 3 வந்து, மொத்தத்தில் 2 சதவீதச் சரிவு. இரண்டாவதற்கு 5 சதவீத வளர்ச்சி. உண்மையில் அங்கே என்ன நடந்தது என்பது இந்தக் கணக்கில் இல்லை. இது எதிர்பார்ப்பு மட்டுமே. உள்ளூருக்கு வந்த குடியேற்றமோ நகராட்சியின் வரிச் சலுகையோ நாட்டின் மரச்சாமான் தொழிலைச் சாய்த்திருக்க முடியாது என்பதால், இந்த எதிர்பார்ப்பு உள்ளூர்க் குழப்பத்திலிருந்து விலகி நிற்கும் என்பது நம்பிக்கை. அந்த நகரமே நாட்டுக் கணக்கில் பெரும்பங்கு வகித்தால் விலகி நிற்காது. அதனால், ஒவ்வொரு நகரத்துக்கும் அதைத் தவிர்த்த மற்ற இடங்களின் வளர்ச்சி விகிதத்தைப் பயன்படுத்துவது வழக்கம்.

இந்தக் கருவியை உலகம் அறியச் செய்தது டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கோர்டன் ஹான்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. 1991-இல் அமெரிக்கா சீனாவிலிருந்து வாங்கிய சரக்கு, 2007-ஆம் ஆண்டின் டாலர் மதிப்பில், சுமார் 2,600 கோடி டாலர். 2007-இல் அது 33,000 கோடி. இதனால் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன ஆனது என்பதே அவர்கள் கேள்வி. மக்கள் அன்றாடம் வேலைக்குப் போய்வரும் எல்லையை வைத்து நாட்டை 722 வட்டாரங்களாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தொழிலிலும் பெருகிய இறக்குமதியை, அந்தந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலுக்கு இருந்த பங்கின்படி பிரித்துக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். அமெரிக்கர்கள் திடீரென்று பொம்மைகளை அதிகம் வாங்கினால் சீனப் பொம்மை இறக்குமதியும் கூடும், உள்ளூர்ப் பொம்மை ஆலையும் செழிக்கும். அப்போது இறக்குமதியின் கெடுதல் குறைவாகத் தெரியும். ஆகவே கருவியில் அமெரிக்க இறக்குமதியை வைக்காமல், ஜெர்மனி, ஜப்பான், ஸ்பெயின் உள்ளிட்ட எட்டுப் பணக்கார நாடுகள் சீனாவிலிருந்து வாங்கியதை வைத்தார்கள். எல்லா நாடுகளிலும் ஒரே தொழிலில் இறக்குமதி பெருகினால் காரணம் சீன ஆலைகளின் வளர்ந்த திறன்தான் என்பது வாதம். அத்தனை நாடுகளிலும் ஒரே சமயத்தில் ஒரே பொருளுக்கு மோகம் பிறந்தால் இந்த வாதம் ஆட்டம் காணும். பங்குகளையும் பத்தாண்டு பழையதாக எடுத்தார்கள். சீனா வரப்போகிறது என்று தெரிந்து முன்பே ஆள் குறைத்த ஆலைகள் கணக்கைக் கெடுக்கக் கூடாதல்லவா! கிடைத்த முடிவு: ஒரு தொழிலாளிக்கு 1,000 டாலர் என்ற அளவில் இறக்குமதி கூடினால், உழைக்கும் வயதினரில் ஆலை வேலையில் இருப்போரின் பங்கு சுமார் 0.6 சதவீதப் புள்ளி குறைகிறது.

இதை நம்பலாமா என்பதற்குப் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றில் பதில் சொல்கிறார்கள். ஆய்வாளர் எந்த வழியில் போகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பலர் சொல்வதில்லை.

முதல் வழி பங்குகளை நம்புவது. கோல்ட்ஸ்மித்-பிங்க்ஹாம், சார்கின், ஸ்விஃப்ட் மூவரும் 2020-இல் இதை விளக்கினார்கள். ஒரு வட்டாரத்தில் பொம்மைத் தொழிலாளர் அதிகம் என்பதற்கும், அங்கே பிற்பாடு வேலையைப் பாதித்த மற்ற காரணங்களுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. எந்தத் தொழில்கள் முடிவை அதிகம் இழுக்கின்றன என்று காட்டும் எடைகளையும் கணக்கிட்டார்கள். சீன ஆய்வில் பொம்மை, கணினி போன்ற சில தொழில்களே முன்னே நின்றன. கணினித் தொழில் உள்ள இடங்களில் படித்தவர்கள் அதிகம். அந்தப் பத்தாண்டுகளில் அவ்விடங்களுக்கு வேறு அலைகளும் அடித்தன. ஆகவே, சீன இறக்குமதி பெருகுவதற்கு முன்பே இந்த வட்டாரங்கள் மற்றவற்றிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தனவா என்று பார்ப்பதே முக்கியமான சோதனை.

இரண்டாம் வழி அதிர்ச்சிகளை நம்புவது. போருஸ்யாக், ஹல், ஜரவேல் 2022-இல் சொன்னது இது: பங்குகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்தத் தொழிலில் எவ்வளவு அடி விழுந்தது என்பது குலுக்கல் சீட்டுப்போல் அமைந்திருந்தால் போதும். ஆனால் சீட்டுகள் நிறைய வேண்டும். ஒன்றிரண்டு பெரிய தொழில்களே எல்லாவற்றையும் தீர்மானித்தால் அது குலுக்கல் ஆகாது. சீன ஆய்வில் 397 ஆலைத் தொழில்கள் இருந்ததால் இந்த வழி பொருந்துகிறது.

அதே ஆய்வில் அவர்கள் ஒரு ஓட்டையையும் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். சேவைத் துறைக்குச் சீன அதிர்ச்சி கிடையாது, அதனால் பங்குகளைக் கூட்டினால் நூறு வராது. ஆலைகள் 40 சதவீதம் உள்ள வட்டாரம், 10 சதவீதம் உள்ள வட்டாரத்தைவிட அதிக அடி வாங்கியதாகவே கணக்கு காட்டும், எல்லாத் தொழிலிலும் இறக்குமதி ஒரே அளவு கூடியிருந்தாலும்கூட. அப்படியானால் நாம் ஒப்பிடுவது ஆலை நகரத்தையும் ஆலையில்லா நகரத்தையும். ஆலை வேலையோ இயந்திரமயமாவதாலும் குறைந்துகொண்டிருந்தது. இதற்கு மருந்து, பழைய ஆலைப் பங்கை ஒவ்வொரு காலகட்டத்துக்கும் தனித்தனியாகக் கழித்துப் பார்ப்பது. அப்படிச் செய்தபோது 0.6 என்ற எண் 0.27 அளவுக்குச் சுருங்கியது. சீனாவின் பாதிப்பு மறையவில்லை, பாதிக்கும் கீழே வந்தது.

பிழை எல்லையிலும் ஒரு பொறி உண்டு. தொலைதூரத்தில் இருக்கும் இரண்டு மரச்சாமான் நகரங்கள் ஒரே காற்றில் ஆடும். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் நம்பிக்கை பொய்யாகப் பெருகும். அதாவ், கோலேசார், மொராலெஸ் 2019-இல், தொழில்களுக்கு வெறும் தற்செயல் எண்களை அதிர்ச்சியாகக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து சதவீதம்தான் தவற வேண்டிய வழக்கமான சோதனை, சில அமைப்புகளில் 55 சதவீதம்வரை ‘விளைவு இருக்கிறது’ என்றது.

இத்தனை சோதனையையும் தாண்டினாலும், அதிகம் அடிபட்ட வட்டாரம் குறைவாக அடிபட்ட வட்டாரத்தைவிட எவ்வளவு பின்தங்கியது என்பதைத்தான் இந்தக் கருவி சொல்லும். அமெரிக்கா முழுவதும் மொத்தம் எத்தனை வேலை போனது என்பதை அது நேரடியாகச் சொல்லாது. மலிவான சீனப் பொருளால் எல்லா ஊர்களுக்கும் ஒரே அளவில் நன்மையோ தீமையோ வந்திருந்தால், ஊருக்கு ஊர் ஒப்பிடும்போது அது கழிந்தே போய்விடும். ஆலை வேலைச் சரிவில் கால் பங்குக்குச் சீனா காரணம் என்று அந்த ஆய்வு சொல்வதற்கு, இந்தப் பொதுப் பங்கு எவ்வளவு என்று ஒரு ஊகம் தேவைப்பட்டது. அந்த ஊகம் 722 வட்டாரங்களின் தரவிலிருந்து வந்ததல்ல.