45-ஐக் கேட்காதீர்கள்

"45-ஐ இருநிலை எண்ணாக மாற்றுக." பயிற்சித் தாளுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத கேள்வி கிடைப்பது கடினம். 45-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 1, 0, 1, 1, 0, 1 என்று வரிசையாக வரும். அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பது விதி. மேலிருந்து கீழாகப் படித்துவிட்ட மாணவருக்கும் இங்கே அதே 101101 கிடைக்கும், சரி என்று குறியும் விழும். 27, 51, 73 ஆகிய எண்களும் இப்படித்தான், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே.

கணினிக் கட்டமைப்புப் பாடத்தின் தொடக்க வகுப்புகளில் ஒன்று எண் முறைகளுக்கென்றே ஒதுக்கப்படும். பதின்ம எண்ணை இருநிலைக்கு மாற்றுவது, அதைப் பதினாறு நிலையில் சுருக்கி எழுதுவது, எதிர்ம எண்ணை 2-இன் நிரப்பு முறையில் குறிப்பது, பிறகு அந்த எண் ஓர் ஆணைக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவது. பலகையில் ஆசிரியர் செய்யும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலவே இருக்கும். வகுப்புக் குறிப்பைப் பயிற்சித் தாளாக மாற்ற உட்காருகிறவர், அதில் விதியாகச் சொல்லப்பட்ட வாக்கியங்களை மட்டும் முதலில் பொறுக்கி எடுக்க வேண்டும். 'மீதிகளைக் கீழிருந்து படியுங்கள்', 'வலப்பக்கத்திலிருந்து நான்கு நான்காகப் பிரியுங்கள்', 'எல்லா பிட்டையும் புரட்டி ஒன்று கூட்டுங்கள்' என்று ஒரு மணி நேர வகுப்பில் நாலைந்து தேறும். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, இந்த விதியை மறந்தவர் என்ன செய்வார் என்று யோசித்து, அவருக்குத் தவறான விடை வந்தே தீருகிற எண்ணைத் தேட வேண்டும். தாள் தயாரிப்பில் பெரும் உழைப்பு இந்தத் தேடலுக்குத்தான் போகிறது.

முதல் விதிக்கு 156 நல்ல எண். அதை மாதிரிக் கணக்காகச் செய்து காட்டும்போது ஒரு வரியையும் விடக் கூடாது. 156-ஐ இரண்டால் வகுத்தால் ஈவு 78, மீதி 0. 78-க்கு 39, மீதி 0. 39-க்கு 19, மீதி 1. 19-க்கு 9, மீதி 1. 9-க்கு 4, மீதி 1. 4-க்கு 2, மீதி 0. 2-க்கு 1, மீதி 0. கடைசியாக 1-க்கு ஈவு 0, மீதி 1. கீழிருந்து படித்தால் 10011100. இட மதிப்புகளைக் கூட்டிச் சரிபார்க்கலாம்: 128, 16, 8, 4 சேர்ந்தால் 156.

மேலிருந்து படித்தவர் 00111001 என்று எழுதுவார், அதன் மதிப்பு 57. ஈவு 1 ஆனதுமே கணக்கு முடிந்தது என்று நிறுத்திவிட்டவர் 0011100 என்று எழுதுவார், அதன் மதிப்பு 28. விடைக்குறிப்பில் 10011100 என்று மட்டும் போட்டால் மாணவருக்குத் தான் தவறு என்பது தெரியும், எங்கே தவறினோம் என்பது தெரியாது. பக்கத்திலேயே '57 வந்தால் மீதிகளைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். 28 வந்தால் கடைசி வகுத்தலை விட்டிருக்கிறீர்கள்' என்று எழுதிவிட்டால், தனியாகப் படிக்கிறவருக்கு ஆசிரியரே பக்கத்தில் நின்று சொல்வதற்குச் சமம்.

பதினாறு நிலைக்கு மாற்றும் பயிற்சிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. எல்லாக் கேள்விகளையும் எட்டு பிட்டில் கொடுத்துவிடுவார்கள். எட்டு பிட்டை எந்தப் பக்கமிருந்து நான்கு நான்காகப் பிரித்தாலும் ஒன்றுதான். ஏழு பிட் கொடுத்தால்தான் விதி வேலைக்கு வரும். 1011010-ஐ வலமிருந்து பிரித்தால் 101, 1010. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 5A, அதாவது 90. இடமிருந்து பிரித்தவருக்கு 1011, 010 கிடைத்து B2 ஆகும், அது 178.

எதிர்ம எண்ணுக்கு வருவோம். −37-ஐ எட்டு பிட்டில் எழுத வேண்டும். 37 என்பது 00100101. புரட்டினால் 11011010. ஒன்று கூட்டினால் 11011011, பதினாறு நிலையில் DB. ஒன்று கூட்ட மறந்தவருக்கு DA வரும், அது −38. முன்பிட்டை மட்டும் 1 ஆக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டவருக்கு A5. இந்த இரண்டையும் குறிப்பில் சேர்க்கலாம். ஆனால் இந்த ஒரு கணக்கோடு நிறுத்தினால் போதாது. 37 ஒற்றைப்படை எண் என்பதால் புரட்டியதும் கடைசி பிட் 0 ஆகிவிடுகிறது. ஒன்று கூட்டும்போது மிகுதி எதுவும் அடுத்த இடத்துக்குப் போவதில்லை. அதனால் அடுத்த கேள்வி −40 ஆக இருக்கட்டும். 00101000-ஐப் புரட்டினால் 11010111. ஒன்று கூட்டும்போது மிகுதி மூன்று இடம் தாண்டிப் போய் 11011000 ஆகிறது. கூட்டலில் தடுமாறுகிறவர் யார் என்று இதில்தான் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த எண் முறைப் பாடத்துக்கும் பொருந்தும். கட்டமைப்பு வகுப்பிலிருந்து எடுத்த தாள் என்றால் அந்த எண் ஆணைக்குள்ளும் போக வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் `addi x5, x0, -37` என்றோர் ஆணை. இதில் −37-க்குப் பன்னிரண்டு பிட் இடம் இருக்கிறது. எட்டு பிட்டில் DB ஆக இருந்ததைப் பன்னிரண்டாக நீட்டும்போது முன்னால் இருக்கும் குறி பிட்டையே திரும்பத் திரும்ப இட வேண்டும், எனவே FDB. பூஜ்யம் போட்டு நிரப்பியவருக்கு 0DB கிடைக்கும், இயந்திரம் அதை 219 என்றுதான் எடுத்துக்கொள்ளும். மீதிப் புலங்களையும் சேர்த்து எழுதினால் FDB, 00000, 000, 00101, 0010011. பிட்டுகளை ஒட்டி வலமிருந்து நான்காகப் பிரித்தால் முழு ஆணை `FDB00293`. இங்கே புலங்கள் ஐந்தும் மூன்றும் ஏழுமாக இருக்கின்றன. பதினாறு நிலை இலக்கங்களோ நான்கு நான்காக வெட்டுகின்றன. கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்து 93-தான் செயல்குறி என்று நினைப்பவர்கள் உண்டு. செயல்குறி ஏழு பிட்தான், 13. அதற்கு முன்னால் இருக்கும் 1, பதிவக எண்ணான 00101-இன் கடைசி பிட்.

விடைக்குறிப்பைக் கையால் போட்டால் மட்டும் போதாது, கணினியிலும் சரிபார்க்க வேண்டும். பைத்தானில் `bin(-37)` என்று கேட்டால் `-0b100101` என்று கழித்தல் குறியோடுதான் வரும். 2-இன் நிரப்பு வடிவம் வேண்டுமென்றால் எத்தனை பிட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்:

```
format(-37 & 0xFF, '08b')    # 11011011
format(-37 & 0xFFF, '03X')   # FDB
```

கேள்வித்தாளுக்கும் இதே விதிதான். '−37-ஐ 2-இன் நிரப்பில் எழுதுக' என்று மட்டும் கேட்டால் DB, FDB, FFDB மூன்றுமே சரியான விடைகள். எத்தனை பிட் என்று ஒவ்வொரு கேள்வியிலும் அச்சாகியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வகையிலும் முதல் கணக்கு முழுதாகச் செய்து காட்டியதாகவும், இரண்டாவது பாதி வரிகள் காலியாகவும், மூன்றாவது வெறும் கேள்வியாகவும் இருக்கலாம். அதற்குப் பின் வகைகளைக் கலந்துவிட வேண்டும். வரிசையாகப் பத்து வகுத்தல் கணக்கு போட்டவர் பதினொன்றாவதைக் கேள்வியைப் படிக்காமலே வகுக்கத் தொடங்குவார். தாள்கள் திரும்பி வந்ததும் விடைக்குறிப்பில் இல்லாத தவறான விடை பலரிடம் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் மாதிரிக் கணக்கில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கலாம். அந்த வரியைச் சேர்த்து, புதிய தவறையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.