மூலத்தில் சொட்டும் ரத்தமும் சோகையும்

நாள்பட்ட உள்மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் வலியில்லாமல்தான் வரும். மலம் கழிக்கும்போது பளிச்சென்ற சிவப்பில் சில சொட்டுகள் விழும். பிறகு தானே நின்றுவிடும். வலி இல்லை, வெளியே சொல்லவும் கூச்சம். அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. தினம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ரத்தம் போனால் இரண்டரை மில்லிகிராம் இரும்பு போகிறது. சாதாரண உணவிலிருந்து குடல் ஒரு நாளில் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். பற்றாக்குறையை உடல் தன் சேமிப்பிலிருந்து ஈடுகட்டுகிறது. சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

அது மெதுவாக இறங்குவதால் உடலும் பழகிக்கொள்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, தலைச்சுற்றல் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். நாக்கு வழவழப்பாகும், நகம் குழியும். பச்சரிசி, சாம்பல், ஐஸ் கட்டி தின்னத் தோன்றுவதும் இரும்புக் குறைவின் அடையாளமே; இதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கும். ஆனால் மூலம் இருப்பதாலேயே சோகைக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டுவது ஆபத்து. குடல் புற்றுநோயும் இப்படித்தான் ரத்தத்தைக் கசியவிடும். எனவே, குறிப்பாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, கொலோனோஸ்கோபி செய்து பெருங்குடலையும் பார்த்துவிட வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7 என்று வைத்துக்கொள்வோம். அதை 15க்கு உயர்த்த எடை, குறைவு, 2.4 மூன்றையும் பெருக்க வேண்டும்: 60 × 8 × 2.4 = 1,152 மில்லிகிராம். சேமிப்புக்கு 500 சேர்த்தால் சுமார் 1,650. அறுபது மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையில் உடலுக்குள் சேர்வது பெரும்பாலும் பத்துக்கும் குறைவு. ஆகவே ஆறேழு மாதம் ஆகும். ரத்தம் நிற்காவிட்டால் சேர்ந்ததில் ஒரு பங்கு தினமும் வெளியேறிவிடும். ஆகையால் ரப்பர் வளையம் போட்டோ அறுவை செய்தோ மூலத்துக்கும் வைத்தியம் பார்த்தாக வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு வேளை, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மலம் கறுப்பது இயல்பே. மலச்சிக்கல் வந்தால்தான் தொல்லை, முக்கினால் மூலம் மீண்டும் கசியும்; நார்ச்சத்தும் மலமிளக்கியும் அங்கே உதவும். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 அல்லது 2 கிராம் ஏறாவிட்டால், மாத்திரை சேரவில்லை அல்லது ரத்தம் இன்னும் போகிறது என்று பொருள். அப்போதும், வயிறு மாத்திரையைத் தாங்காதபோதும், நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். ஹீமோகுளோபின் 7க்கும் கீழே போனாலோ நெஞ்சுவலி வந்தாலோ ரத்தமே ஏற்ற நேரிடலாம்.

ஹீமோகுளோபின் சரியானதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சேமிப்பு அப்போது இன்னும் காலியாகவே இருக்கும். அது நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும்.